இழுக்கும்போதே எடை குறைகிறது: ஓர் ஆயத்த இன்வென்டரி தொகுப்போடு நெடுநாள் பழகிய அனுபவம்

சாகச விளையாட்டு ஒன்றை எழுதத் தொடங்கியிருக்கும் நண்பர், விளையாடுபவரின் பையையும் அதிலுள்ள பொருள்களையும் கையாள நான் பயன்படுத்தும் ஆயத்த இன்வென்டரி தொகுப்பின் விலை பாதியாகக் குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, வாங்கலாமா என்று கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. பொருள்களை அடுக்கலாம், எடை வரம்பு வைக்கலாம், மவுஸால் இழுத்து விடலாம் என்பதெல்லாம் விற்பனைப் பக்கத்திலேயே இருக்கிறது. நான் சொல்ல வருவது அங்கே இல்லாததை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இதன் கணக்கு வழக்கு அருமையானது. பையின் வரம்பு 50 கிலோ, ஏற்கெனவே 48.2 கிலோ நிரம்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் 40 இரும்புக் கட்டிகள் இருக்கின்றன. ஒன்று 400 கிராம். மொத்தத்தையும் இழுத்துப் பையில் விடுகிறீர்கள். மட்டமாக எழுதப்பட்ட இன்வென்டரி ‘எடை அதிகம்’ என்று 40-ஐயும் திருப்பி அனுப்பிவிடும். இது மீதமுள்ள 1800 கிராமை 400-ஆல் வகுத்து, நான்கு கட்டிகளை மட்டும் ஏற்றுக்கொள்கிறது. பையில் ஏற்கெனவே 62 கட்டிகள் கொண்ட ஓர் அடுக்கு இருந்து, அடுக்கின் உச்சம் 64 என்றால், இரண்டு அதில் சேர்ந்துவிடும். மற்ற இரண்டும் அடுத்த காலி ஸ்லாட்டில் புது அடுக்காக அமரும். பெட்டியில் 36 மீதி. விளையாடுபவர் எதையும் யோசிக்க வேண்டியதில்லை. உள்ளே நடப்பது இவ்வளவுதான்:

```
free = max(0, limitGrams - bag.totalGrams)
byWeight = free / item.unitGrams
moved = min(wanted, room, byWeight)
```

`wanted` என்பது இழுத்த எண்ணிக்கை, `room` என்பது அடுக்குகளிலும் காலி ஸ்லாட்டுகளிலும் எத்தனை கொள்ளும் என்பது. வகுத்தலில் பின்னத்தை விட்டுவிட வேண்டும். சாவி போன்ற எடையில்லாப் பொருளுக்கு இந்த வகுத்தலே கூடாது, பூஜ்யத்தால் வகுத்ததாகிவிடும். அந்த `max(0, …)` அலங்காரத்துக்கு இல்லை. வலிமை மருந்தின் காலம் முடிந்து வரம்பு திடீரென்று குறைந்தால், பை வரம்பை மீறிய நிலையில் இருக்கும், `free` எதிர்மறையாகும். அதைத் தடுக்காவிட்டால் ‘மைனஸ் மூன்று’ கட்டிகள் பைக்குப் போகும், அதாவது பெட்டியில் மூன்று கூடும். இந்தத் தொகுப்பு அதைத் தடுத்திருக்கிறது.

எடையைக் கிலோவில் தசமமாக வைக்காமல் கிராமில் முழு எண்ணாக வைத்திருப்பதும் எனக்கு எதிர்பாராத மகிழ்ச்சி. தசமத்தில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் கணினிக்கு 0.30000000000000004 வரும். வரம்பு 0.3 என்றால், சரியாகக் கொள்ளும் பொருளை ‘இடமில்லை’ என்று மறுத்துவிடும். திரையில் இரண்டு எண்களும் ஒன்றாகவே தெரிவதால், விளையாடுபவருக்குக் காரணமே புரியாது. முழு எண்ணில் இந்தத் தொல்லை கிடையாது.

இவ்வளவு நுணுக்கமாக எழுதியவர்கள் இழுத்து விடும் பகுதியில் செய்திருப்பதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மவுஸை அழுத்தி ஒரு பொருளை இழுக்கத் தொடங்கிய நொடியிலேயே, இந்தத் தொகுப்பு அதை ஸ்லாட்டிலிருந்து உண்மையாகவே எடுத்துவிடுகிறது. பிடித்திருக்கும் நேரம் முழுவதும் அந்தப் பொருள் பையிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. திரையில் மவுஸோடு நகரும் ஒரு படத்துக்குள் மட்டும் இருக்கிறது.

இதனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். பையில் 48 கிலோ. அதில் 200 அம்புகள். ஒன்று 50 கிராம், மொத்தம் 10 கிலோ. விளையாடுபவர் அம்புகளைப் பிடித்து இழுக்கிறார். எடை 38 ஆகிறது. என் விளையாட்டில் அருகில் கிடக்கும் பொருளைத் தானாக எடுக்கும் வசதி உண்டு. அந்த நேரம் பார்த்து 12 கிலோ தாது பைக்குள் வருகிறது, இப்போது 50, வரம்பு நிரம்பிவிட்டது. விளையாடுபவர் மனம் மாறி, இழுத்ததை ரத்து செய்கிறார். அம்புகள் திரும்ப வேண்டும், ஆனால் இடமில்லை. எடைச் சோதனை தன் கடமையைச் சரியாகச் செய்து அவற்றை மறுக்கிறது. 200 அம்புகளும் போயின. பிழைச் செய்தி கிடையாது, பதிவேட்டில் ஒரு வரிகூடக் கிடையாது. இழுத்துக்கொண்டிருக்கும்போது எஸ்கேப் விசையை அழுத்தி ஜன்னலை மூடினாலும் இதே கதிதான். பிடித்திருக்கும் நேரத்தில் தானியங்கிச் சேமிப்பு நடந்து, பிறகு அந்தச் சேமிப்பைத் திறந்தால், அதிலும் அம்புகள் இருக்காது.

விளையாடியவர்கள் ‘என் பொருள் காணாமல் போனது’ என்று எழுதும்போது, எப்போது, எப்படி என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. தயாரித்தவர்களிடம் படிப்படியாக விளக்கி எழுதினேன். அப்படித்தான் வடிவமைத்திருக்கிறோம் என்று பதில் வந்தது.

நியாயமாகப் பார்த்தால், பொருளைக் ‘கையில்’ வைக்கும் முறை தவறே இல்லை. ஆனால் கையும் ஓர் இடமாக இருக்க வேண்டும்: அதன் எடை மொத்தத்தில் சேர வேண்டும், சேமிப்பிலும் பதிவாக வேண்டும், ஜன்னல் மூடினால் பொருள் எங்கே போகும் என்று விதி இருக்க வேண்டும். இங்கே அந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

நான் அந்தப் பகுதியைப் பிரித்து வேறு மாதிரி எழுதிவிட்டேன். இழுக்கத் தொடங்கும்போது எந்தப் பை, எந்த ஸ்லாட், என்ன பொருள், எத்தனை என்ற நான்கை மட்டும் குறித்துக்கொள்கிறேன். ஸ்லாட் மங்கலாகிறது, பொருள் அங்கேயேதான் இருக்கிறது, எடையும் மாறுவதில்லை. மவுஸை விட்ட பிறகே வேலை தொடங்குகிறது. குறித்த பொருள் அதே ஸ்லாட்டில் இன்னும் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன், ஏனென்றால் இழுக்கும்போதே குறுக்கு விசையால் ஒரு மருந்தைக் குடித்திருக்கலாம். பிறகு மேலே சொன்ன கணக்கு. அதன்பின் ஓரிடத்தில் கழித்து மற்றோரிடத்தில் கூட்டுவதை ஒரே செயலாகச் செய்கிறேன். இடையில் சேமிப்போ தானாக எடுக்கும் வசதியோ நுழைய முடியாது. ரத்து செய்தால் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. மங்கல் மட்டும் நீங்குகிறது.

இந்த மாற்றத்தோடு இரண்டு சிறு வேலைகள் ஒட்டிக்கொண்டன. ஒரே பைக்குள் இடம் மாற்றும்போது எடைச் சோதனையைத் தவிர்க்க வேண்டும். இல்லாவிட்டால் நிரம்பிய பையில் ஸ்லாட் மாற்றக்கூட முடியாது. இரண்டு பைகளுக்கு இடையே பொருளுக்குப் பொருள் மாற்றிக்கொள்ளும்போது, போவதைக் கழித்து வருவதைக் கூட்டிய பிறகுதான் வரம்போடு ஒப்பிட வேண்டும், அதுவும் இரு பக்கமும்.

எல்லாம் சரியாகிவிட்டது, அடுத்த பதிப்பு வரும் வரை. ஒவ்வொரு புதுப்பிப்பும் என் மாற்றத்தை அழித்துவிட்டுப் பழைய நடத்தையைக் கொண்டுவந்து வைக்கிறது. மறுபடி உட்கார்ந்து ஒட்ட வேண்டியிருக்கிறது. இந்த எரிச்சல்தான் இவ்வளவு எழுத வைத்தது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: எண்ணிக்கைக் கணக்கில் இதைவிட நேர்த்தியான தொகுப்பை நான் பார்த்ததில்லை, ஆனாலும் பாதி விலைக்குக்கூட வாங்காதீர்கள். அந்தக் கணக்கை ஒரு மாலையில் நீங்களே எழுதிவிடலாம்; பணம் கொடுப்பதே இழுத்து விடும் பகுதிக்காகத்தான். வேறு எதை வாங்குவதாக இருந்தாலும், மாதிரிப் பதிப்பைத் திறந்து கனமான அடுக்கு ஒன்றைப் பிடித்து இழுத்து, விடாமல் வைத்துக்கொண்டு எடை எண்ணைப் பாருங்கள். அது குறைந்தால் ஜன்னலை மூடிவிட்டு அடுத்த தொகுப்பைப் பார்க்கப் போங்கள்.