மொத்த விலையா, மணிக்கணக்கா?

உப்புவெளியில ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு லோகோவும் மெனு கார்டும் டிசைன் செய்து குடுக்க மொத்தமா 30,000 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டன், 12 மணித்தியாலம் போகும், மணிக்கு 2,500 எண்டு கணக்கு. "சின்ன மாத்தம்தானே தம்பி" எண்டு ஓனர் வாட்ஸ்அப்பில வொய்ஸ் அனுப்பி அனுப்பி கடைசில 30 மணித்தியாலம் போட்டுது, அப்ப மணிக்கு 1,000 தான்.

பிழை மொத்த விலையில இல்ல, எல்லை போடாததில. இப்ப கொட்டேஷன்லயே எழுதுறன்: லோகோ 2 டிசைன், மெனு 4 பக்கம், திருத்தம் 2 தடவை, ஒவ்வொரு தடவையும் எல்லாக் கருத்தும் ஒரே ஈமெயில்ல, ஓனர்ட மனிசி சொல்லுறதும் அதுக்குள்ளதான் வரோணும். மூண்டாவது தடவை 5,000. ஓகே சொன்ன டிசைன விட்டுட்டு வேற கேட்டா அது திருத்தமில்ல, புது வேலை. நான் விட்ட எழுத்துப்பிழைக்கு மட்டும் எப்பவும் காசில்ல. பாதிக் காசு முதல்ல, மிச்சம் வந்தாப்பிறகுதான் ஃபைனல் ஃபைல்.

மணிக்கணக்கு எண்டா திருத்தத்துக்கு சண்டையே வராது, ஆனா பில் எங்க போய் நிக்குமோ எண்டு கஸ்டமர் பயப்படுவார், வேகமா செய்யிற ஆளுக்கு காசும் குறையும். வெப்சைட் பராமரிப்பு மாதிரி வேலையின்ர அளவு முன்னமே தெரியாததுக்கு அதுதான் சரி, 10 மணித்தியாலம் தாண்ட முதல் கேட்டிட்டுத்தான் செய்வன் எண்டு எழுதிக் குடுங்கோ. லோகோ, மெனுவுக்கு நான் மொத்த விலைதான்.