அல்நிகோ பிக்கப்: சத்தம் அருமை, ஆறாவது தந்திதான் உயிரை வாங்குகிறது

அல்நிகோ காந்தம் வைத்த பிக்கப் செட் விலை குறைந்திருக்கிறது, எலெக்ட்ரிக் கிடாரில் இருக்கும் செராமிக் பிக்கப்பைக் கழற்றிவிட்டு இதைப் போடலாமா என்று ஈரோட்டிலிருந்து மாப்ள ஒருத்தன் கேட்டான். அதே செட்டைத்தான் நான் பல வருஷமாக வாசிக்கிறேன், சமீபத்தில் ஒரு காயிலை ரீவைண்டிங்கும் பண்ணியாயிற்று. போனில் சொல்லி முடியாது, அதனால் இங்கே.

என்னுடையது மூன்று சிங்கிள் காயில் வைத்த ஸ்ட்ராட் வகை கிடார். அதோடு வந்த செராமிக் பிக்கப்பைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு கறுப்புப் பட்டைக் காந்தம் ஒட்டியிருக்கும். மேலே தெரியும் ஆறு குச்சிகளும் வெறும் இரும்பு. அல்நிகோவில் அந்தக் குச்சிகளே காந்தம். செராமிக் கரகரக்கும், அல்நிகோ இதமாக இருக்கும் என்று எல்லோரும் காந்தத்தின் மேல் பழி போடுகிறார்கள். பாதிக்கு மேல் வேலை அந்த இரும்பினுடையது. ஒரே அளவு சுற்று இருந்தாலும் காயிலுக்குள் இரும்பு இருந்தால் இண்டக்டன்ஸ் ஏறும், உச்ச ஸ்தாயியில் வரும் பளபளப்பும் மழுங்கும். கிளீன் டோனில் விரலால் மீட்டும்போது அல்நிகோவில் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்பதற்கு அந்த இரும்பு இல்லாததுதான் காரணம். அந்தச் சத்தத்துக்கு நான் இன்னும் அடிமை, அதில் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் அந்த ஆறாவது தந்தி இருக்கிறதே! நெக் பிக்கப்பின் காந்தக் குச்சி தந்தியைக் கீழே இழுக்கிறது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே போனால் ஒரே சுரத்தை வாசித்தாலும் இரண்டு சுரம் ஒன்றோடொன்று மோதுவது போல அலையும், ட்யூனர் முள் ஓரிடத்தில் நிற்காது. ஃப்ரெட் தேய்ந்துவிட்டது, இண்டோனேஷன் போய்விட்டது என்று கடையில் காசு பிடுங்குவார்கள். அதற்கு முன்னால் பிக்கப் உயரத் திருகைத் தளர்த்தி நன்றாகக் கீழே இறக்கிப் பாருங்கள். அலைவு நின்றால் குற்றவாளி காந்தம்தான். கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு அளந்தால் எனக்குத் தடித்த தந்திப் பக்கம் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி தேவைப்பட்டது. அவ்வளவு இறக்கினால் சத்தமும் இறங்குகிறது. பழைய செராமிக்கைத் தந்தியை ஒட்டி ஏற்றி வைத்தபோதும் இந்தத் தொல்லை ஒருநாளும் இருந்ததில்லை.

அப்புறம் பிரிட்ஜ் பிக்கப் செத்தது. முழுசாகச் சாகவில்லை, சன்னமாக முனகிக்கொண்டிருந்தது. மல்டிமீட்டரை வைத்தால் ஓம் எதுவும் காட்டவில்லை, உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. இந்த வகையில் காயிலை நேரடியாகக் காந்தக் குச்சிமேலேயே சுற்றியிருப்பார்கள், ஈரம் இறங்கினால் உள்சுற்றுக் கம்பி பச்சை பிடித்து அறுந்துவிடும். கோயமுத்தூரில் காயில் கட்ட ஆளா இல்லை? கணபதி பக்கம் பம்பு மோட்டாரோடு ரிலே காயிலும் சுற்றும் ஓர் அண்ணனிடம் கொடுத்தேன். 0.063 மில்லிமீட்டர் கம்பி, 8,000 சுற்று என்று சீட்டில் எழுதியும் கொடுத்தேன். திரும்ப வாங்கும்போது மெஷின் கவுண்டரில் 9,500. "ஏனுங் தம்பி, எடம் சும்மா கெடந்துச்சுங், சேத்திப் போட்டுட்டனுங்" என்கிறார். மோட்டாருக்குப் பழகிய கை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இண்டக்டன்ஸ் சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தில் ஏறும், ஆகவே இது ஏறத்தாழ நாற்பது சதவீதம் அதிகம். ஐந்து மீட்டர் கேபிளோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் 4,200 ஹெர்ட்ஸ் பக்கம் இருந்த ஒத்ததிர்வு 3,500க்கு இறங்கும். மாட்டி வாசித்தால் காதைக் குத்தும் அந்தப் பிரிட்ஜ் பிக்கப்பா இது? சதை பிடித்திருக்கிறது, டிஸ்டார்ஷன் போட்டால் தடிமனாக நிற்கிறது. பளபளப்பு வேண்டும் என்றால் மூன்று மீட்டர் கேபிளைச் செருகினால் போதும். கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் குறைவதால் ஒத்ததிர்வு பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. செட்டில் எனக்கு இப்போது ரொம்பப் பிடித்தது அண்ணன் கெடுத்த இந்தப் பிக்கப்தான், கம்பெனி சுற்றியது இல்லை.

சரி மாப்ள, உனக்குப் பதில். நீ வாசிப்பது கோயில் திருவிழா மேடையில், பாதி நேரம் டிஸ்டார்ஷனில். இந்த வித்தியாசம் அங்கே யார் காதிலும் விழாது. செராமிக்கையே வைத்துக்கொள், ட்ரெபிள் குத்தினால் டோன் குமிழைக் கொஞ்சம் குறை. விலை இறங்கிவிட்டது என்பதற்காக மூன்றையும் வாங்காதே, ஆறாவது தந்தியோடு மல்லுக்கட்ட உனக்குப் பொறுமை கிடையாது. நெக் பிக்கப்பை மட்டும் தனியாக விற்கிறார்களா என்று விசாரித்துச் சொல், இன்னொரு கிடாருக்கு எனக்கு ஒன்று வேண்டும்.