பிறந்த தேதியைத் திருத்தித் தருகிறேன் என்பவரிடம் கையெழுத்துப் போடும் முன்

என் தங்கையின் அடையாள அட்டையில் பிறந்த தேதி 01-01-1999 என்று இருந்தது. பதிவு செய்தவர் வயதை மட்டும் கேட்டுவிட்டு ஜனவரி முதல் தேதியைப் போட்டிருக்கிறார். பள்ளிச் சான்றிதழில் 01-06-1999. சேர்க்கை வயது நிரம்ப வேண்டுமே என்று அன்று யாரோ முன்தள்ளி எழுதிய தேதி அது. அவள் உண்மையில் பிறந்தது 12-09-1999.

விண்ணப்ப மையத்தின் வாசலில் உட்கார்ந்திருந்த இடைத்தரகர், "பள்ளிச் சான்றிதழ் போதும், பிறப்புச் சான்றிதழெல்லாம் வேண்டாம்" என்றார். பணம் வாங்கிக்கொண்டு, வெற்று உறுதிமொழிப் பத்திரத்தில் தங்கையிடம் கையெழுத்து வாங்கினார். தொடர்பு எண் என்ற இடத்தில் தன் செல்பேசி எண்ணை எழுதினார். அதை நான் கண்ணால் பார்த்தும் கேட்காமல் விட்டேன். இன்றுவரை அது உறுத்துகிறது. விண்ணப்பத்தின் நிலை பற்றிய ஒவ்வொரு செய்தியும் அவருக்கே போனது. ஒப்புகைச் சீட்டைக்கூட அவர் எங்களிடம் தரவில்லை.

அட்டை 01-06-1999 என்று மாறி வந்தது. மகிழ்ந்தோம். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோது பிறப்புச் சான்றிதழைக் கேட்டார்கள். அதில் செப்டம்பர். மீண்டும் அட்டையைத் திருத்தப் போனால், தேதியை ஒரு முறைதான் மாற்றலாம், அந்த வாய்ப்பு முடிந்துவிட்டது, இனி தனி விசாரணைதான் என்றார்கள். கோப்பைத் திறந்து காட்டினார்கள். நாங்கள் வெறுமையாகக் கொடுத்த பத்திரத்தில், "நான் பிறந்தது ஜூன் 1 என உறுதி கூறுகிறேன்" என்று தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. கீழே என் தங்கையின் கையெழுத்து. இனி செப்டம்பர் என்று சொன்னால், முன்பு சொன்னது பொய்யா என்றுதானே கேட்பார்கள்?

அட்டையும் பள்ளிப் பதிவும் முரண்பட்டால், இரண்டில் எது வசதி என்று பார்க்கக் கூடாது. முதலில் பிறப்புப் பதிவேட்டின் நகலை எடுங்கள். அதில் பிறந்த தேதியோடு, பதிவு செய்த தேதியையும் பாருங்கள். பிறந்த சில நாட்களிலேயே பதிவாகியிருந்தால் அது வலுவான சான்று. பள்ளியில் சேர்ந்தபிறகு தாமதமாகப் பதிந்ததென்றால் கூடுதல் கேள்விகள் வரும். எங்களுடையது நான்காம் நாளே பதிவானது. அந்த நகலை வைத்துப் பள்ளிப் பதிவைத் திருத்திவிட்டு, கடைசியில்தான் அட்டைக்குப் போக வேண்டும். படிப்பு முடிந்து பொதுத்தேர்வுச் சான்றிதழ் வாங்கியிருந்தால் தலைமையாசிரியர் மட்டும் அதைத் திருத்த முடியாது. சேர்க்கைப் பதிவேட்டின் நகலோடு, சான்றிதழ் வழங்கிய தேர்வு வாரியத்துக்கே விண்ணப்பம் போக வேண்டும்.

இப்போது அந்த விண்ணப்பம் வாரியத்தில் இருக்கிறது. முந்தைய உறுதிமொழி எந்தச் சூழலில் எழுதப்பட்டது என்பதை விளக்கித் தனிக் கடிதமும் இணைத்திருக்கிறோம். இம்முறை தொடர்பு எண் தங்கையுடையது.