பி.பி.எஃப்: ஏப்ரலில் போட்டால் என்ன, மார்ச்சில் போட்டால் என்ன?

கோத்தகிரி மார்க்கெட்டில் மச்சான் கேட்ட கேள்விதான் தலைப்பு. பி.பி.எஃப் என்ற அரசின் 15 வருஷச் சேமிப்புத் திட்டத்தில் அவர் வருஷாவருஷம் மார்ச் கடைசியில் ஒன்றரை லட்சம் போடுகிறவர். நான் ஏப்ரலில் போடுகிறவன்.

வட்டி 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதத்தில் நிற்கிறது. 15 வருஷமும் அதுவே என்று வைத்துக்கொண்டால், ஏப்ரல்காரருக்குச் சுமார் 40.68 லட்சம், மார்ச்காரருக்கு 37.98 லட்சம். இருவர் கையை விட்டுப் போனதும் அதே 22.5 லட்சம்தான்.

இந்த 2.70 லட்சம் எங்கே போனது? மச்சான் முதல் மார்ச்சில் போடுவதும் நான் இரண்டாவது ஏப்ரலில் போடுவதும் சில நாள் இடைவெளிதான். இப்படியே ஜோடி சேர்த்தால் 14 தவணை சரிக்குச் சரி. மிஞ்சுவது என் முதல் தவணையும் அவருடைய கடைசித் தவணையும். என்னுடையது 15 வருஷம் வளர்ந்து 4,19,694 ரூபாய் ஆகிறது. அவருடையது போட்டபடியே 1,50,000. ஆக, அவர் இழப்பது ஒரே ஒரு தவணையின் முழு ஆயுள் வட்டி.

மச்சான் பக்கமும் நியாயம் உண்டு. அந்தப் பணம் வருஷம் முழுக்கச் சேமிப்புக் கணக்கில் 3 சதவீதத்தில் கிடந்தால் 4,500 ரூபாய் வரும். இங்கே வந்திருக்க வேண்டியது 10,650. தேயிலைக் காசு மாதாமாதம் வருகிறவர் ஏப்ரலுக்காகக் கடன் வாங்க வேண்டாம். மாதாமாதம் 5ஆம் தேதிக்குள் 12,500 போட்டாலே அந்த வருஷம் சுமார் 5,769 வட்டி கிடைக்கும்.

எனக்கு ஆறாத எரிச்சல் அந்த 5ஆம் தேதி. 5ஆம் தேதி முடிவுக்கும் மாதக் கடைசிக்கும் இடையே இருந்த குறைந்த இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. ஒரு வருஷம் ஏப்ரல் 3 அன்று எங்கள் கிளையில் காசோலை கொடுத்தேன். "அஞ்சுக்குள்ள கொடுத்துட்டீங்க சார், போதும்" என்றார் கவுன்டரில் இருந்தவர். பணம் சேர்ந்தது 7ஆம் தேதி. காசோலை பணமாகும் நாள்தான் கணக்கு. ஏப்ரல் மாத வட்டி 887 ரூபாய் 50 காசு போயிற்று.

பாஸ்புக்கில் இதற்குத் தடயமே இராது. மார்ச் 31இல் ஒரே வரியாக வட்டி விழும். ஆரம்ப இருப்போடு அந்த வருஷத் தவணையைக் கூட்டி 7.1 சதவீதம் போட்டுப் பாருங்கள். அதைவிட 887 சொச்சம் குறைந்திருந்தால் ஏப்ரல் மாதம் தவறிவிட்டது என்று அர்த்தம். வங்கிச் சேமிப்புக் கணக்குக்கு 2010இலிருந்தே தினசரி இருப்புக்கு வட்டி தருகிறார்கள். 15 வருஷம் பூட்டி வைக்கும் பணத்துக்கு ஏன் தரக்கூடாது?

திட்டத்தில் எனக்குக் குறையில்லை, மச்சானையும் ஏப்ரல் 2, 3க்குள் நெட் பேங்கிங்கில் போடச் சொல்லிவிட்டேன். ஆனால் வீட்டுக்காரி பேரில் ஒரு கணக்குத் தொடங்க அதே கிளையில் என்னிடம் கேட்டபோது, வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.