கொண்டோ லாட்டா, தரைவீட்டு போர்ச்சா?

சிங்கப்பூரில் காரை விற்ற பிறகு காலியாகக் கிடக்கும் பார்க்கிங் இடத்தை வாடகைக்கு விட ஆசை வருவது இயல்பு. ஆனால் கொண்டோ லாட் பெரும்பாலும் உங்களுடையதே அல்ல. அது பொதுச் சொத்து. உங்களுக்கு இருப்பது நிறுத்தும் உரிமை மட்டும், அதுவும் நிர்வாகத்தின் விதிப்படி. வெளியார் வண்டிக்குக் கொடுத்தால், லேபிள் இல்லாத வண்டிக்குச் சக்கரப் பூட்டு விழும். முதலில் மேனேஜ்மெண்ட் ஆபீஸில் எழுத்தில் கேளுங்கள். வீவக சீசன் பார்க்கிங்கை மறுவாடகைக்கு விடவே முடியாது.

தரைவீட்டு போர்ச் வேறு கதை. சிராங்கூன் கார்டனில் என் அக்கா தன் போர்ச்சை மாதம் 150 வெள்ளிக்கு விட்டார். வீவக கூரையுள்ள சீசன் பார்க்கிங் 110 வெள்ளி என்பதை வைத்துப் பேரம் பேசினார்கள். கேட் பூட்டு இருப்பதால் 40 கூடுதல். ஒரு மாத டெபாசிட்.

ஒப்பந்தம் ஒரே பக்கம்: ஒரே வண்டி எண், ரிப்பேர், கழுவுதல் கூடாது, இரவு 11க்குப் பின் ஹார்ன் கூடாது, ஒரு மாத நோட்டீஸ். எண்ணெய்க் கசிவு பற்றி எழுத மறந்தார். டைல்ஸில் கறை படிந்ததும் யார் துடைப்பது என்று தகராறு. இப்போது சாவி கொடுக்கும் நாளில் தரையைப் படமெடுத்து இணைக்கிறார்.

குத்தகையாக எழுதினால், ஓராண்டு வாடகை 1,800 வெள்ளிக்கு 0.4% முத்திரை வரி, அதாவது 7 வெள்ளி சொச்சம். வாடகையை வருமான வரியிலும் காட்ட வேண்டும்.