பிராண்ட் கொம்பியூட்டரா, நாமே பொருத்தியதா? இரண்டு பவர் சப்ளை எரிந்த கதை

தலவாக்கலையில் போட்டோகொப்பி, டைப்பிங் செய்யும் சின்னக் கடை என்னுடையது. முதலில் வாங்கியது பெட்டியோடு வந்த பிராண்ட் மெஷின், ஒல்லியான கேசிங். அடுத்தது பாகம் பாகமாக வாங்கி நானே பொருத்தியது. இரண்டிலுமே பவர் சப்ளை போனது. என் சாய்வு பொருத்தியதன் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

விலையில் பொருத்துவதுதான் மலிவு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பிராண்ட் மெஷினில் பெரும்பாலும் லைசன்ஸ் உள்ள விண்டோஸ், கீபோர்ட், மவுஸ் எல்லாம் சேர்ந்தே வரும். பொருத்தும்போது அவற்றுக்கும் தனியாகக் காசு போகும். அதையும் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் நினைத்த அளவு இல்லை. விலைக்காக மட்டும் முடிவெடுக்க வேண்டாம்.

எனக்கு முடிவைச் சொன்னது மழைக்காலம். இங்கே ஒக்டோபர், நவம்பர் வந்தால் பின்னேரம் இடி மின்னல் நிச்சயம். அப்படி ஒரு நாள் கரண்ட் போய் வந்தபோது பிராண்ட் மெஷின் செத்துப்போனது. வொரண்டி இன்னும் முடியவில்லை என்ற தைரியத்தில் கொழும்புக்குக் கொண்டுபோனேன். பவர் சப்ளைக்குள் எரிந்த கறை இருக்கிறது, மின்னல் சேதத்துக்கு வொரண்டி இல்லை என்றார்கள். பில்லைத் திருப்பிப் பார்த்தேன், சின்ன எழுத்தில் இருந்தது. சரி, காசு கொடுத்தே மாற்றலாம் என்றால் அந்த மொடலுக்குரிய பவர் சப்ளை கையிருப்பில் இல்லை. வந்து சேர மூன்று வாரம் ஆனது.

ஏன் வேறொன்றைப் போட முடியவில்லை? சாதாரண பவர் சப்ளையிலிருந்து மதர்போட்டுக்குப் போகும் பெரிய இணைப்பில் 24 பின் இருக்கும். 12, 5, 3.3 வோல்ட் மூன்றும் அதன் வழியே போகும். என் பிராண்ட் மெஷினில் வந்தது 12 வோல்ட் மட்டுமே, பின்களும் குறைவு. மற்ற வோல்ட்டேஜை மதர்போட்டே பிரித்துக்கொள்கிறது, ஹார்ட் டிஸ்க்குக்கும் கரண்ட் அங்கிருந்துதான். சில மொடல்களுக்கு இடையில் மாட்டும் வயர் கிடைக்கிறது. ஆனால் கடையில் கிடைக்கும் சாதாரண பவர் சப்ளை 15 சென்டிமீட்டர் அகலமும் 8.6 சென்டிமீட்டர் உயரமும் உள்ளது. அந்த ஒல்லிக் கேசிங்குக்குள் அது போகவே போகாது.

அடுத்த ஏப்ரலில் பொருத்திய மெஷினும் அதே மாதிரி நின்றது. இந்த முறை சுவரில் சுவிட்சை நிறுத்தி, பவர் சப்ளையிலிருந்து மெஷினுக்குள் போகும் வயர்களை எல்லாம் கழற்றி, 24 பின் இணைப்பில் பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பு வயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தேன். பிறகு சுவிட்சைப் போட்டேன். ஃபேன் அசையவில்லை. போனது எதுவென்று தெரிந்துவிட்டது. ஃபேன் சுற்றினால் மட்டும் நல்லது என்று நம்பக்கூடாது. மீட்டரில் மஞ்சள் வயர் 11.4க்கும் 12.6க்கும் இடையில் காட்ட வேண்டும். பவர் சப்ளையை மட்டும் திறக்காதீர்கள், வயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே அடி வாங்கலாம். ஹட்டனுக்கு பஸ் ஏறினேன். கடைத் தம்பி, "அண்ணே, எந்த பிராண்ட் வேணும்?" என்றுதான் கேட்டான், மொடல் நம்பர் கேட்கவில்லை. பின்னேரமே கடை ஓடியது.

மின்னலுக்கு வொரண்டி இரண்டு பக்கமும் கிடைக்காது. வித்தியாசம், போன பாகம் பக்கத்து டவுனில் கிடைக்குமா என்பதுதான். ஒன்று சொல்ல வேண்டும். கேசிங்கோடு இலவசம் போல வரும் பவர் சப்ளையை வாங்கி நானும் ஏமாந்தேன், எரிந்ததே அதுதான். மேலே 500 வொட் என்று போட்டிருந்தது. லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே இருந்தது 18 அம்பியர். பெருக்கினால் 216 வொட்.

பொருத்தியதில் தலைவலி வேறு இடத்தில். பாகத்துக்குப் பாகம் வொரண்டியும் பில்லும் தனித்தனி. ஒருமுறை திரை வராமல் போக, மதர்போட் என்று ஒருவர், ராம் என்று இன்னொருவர். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, ராம் தான் என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் போனது. பிராண்ட் மெஷினில் அந்த வேலை அவர்களுடையது. இடத்துக்கே ஆள் வந்து பார்க்கும் வொரண்டி கிடைத்தால் கணக்கு மாறலாம், ஆனால் நான் எடுத்தது அந்த வகை இல்லை. கேசிங் திறக்க ஆளில்லாத பாடசாலைக்கோ தோட்ட அலுவலகத்துக்கோ கேட்டால் பிராண்ட் என்றே சொல்வேன், ஒல்லியானதை விட்டுப் பெரிய கேசிங் உள்ள மொடலாகப் பார்க்கச் சொல்லி. அதிலும் 24 பின் இருக்கிறதா என்று பக்கக் கதவைத் திறந்து காட்டச் சொல்லிவிட்டே காசு கொடுங்கள்.