ஸ்பிரே அடித்த தையல் மெசின்: மூன்று வருடப் பாவனை அனுபவம்

அம்மாவின் தையல் மெசின் காலால் மிதிக்கும் பழைய கறுப்பு மெசின். மூன்று வருடங்களுக்கு முன் அது மிதிக்கவே முடியாமல் இறுகிவிட்டது. மோட்டார் சைக்கிளில் இறுகிய இடங்களை இளக்கவென்று வாங்கிய ஸ்பிரே டப்பா ஒன்று வீட்டில் கிடந்தது. எண்ணெய் விடும் ஓட்டை எல்லாவற்றிலும் அதை அடித்தேன். இரண்டு நிமிடத்தில் சில்லு பறந்தது. அம்மாவுக்குப் பெரிய சந்தோசம், எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

மூன்றாவது கிழமை கிறீச்சென்று சத்தம் வந்தது. அதற்கடுத்த கிழமை முன்னைவிட மோசமாக இறுகியது. நகரத்தில் மெசின் திருத்தும் ஒரு பெரியவரிடம் தலைப்பகுதியைக் கழற்றிக்கொண்டு போனேன். அவர் முதலில் கேட்டது, "என்ன விட்டனீங்கள்?"

"ஸ்பிரே அடிச்சனான் ஐயா."

"அதுக்கு முன்னம்?"

"அம்மா நல்லெண்ணெய் விடுறவ."

அவர் சிரித்துவிட்டு, தொண்ணூறுகளில் இங்கே முக்கால்வாசி மெசினுக்கும் அதுதான் விட்டார்கள் என்றார். பொருளாதாரத் தடைக் காலத்தில் மெசின் ஒயிலுக்கு எங்கே போவது? தடை போன பிறகும் அம்மாவின் கைப்பழக்கம் போகவில்லை.

நல்லெண்ணெய் வழுக்கும்தான். ஆனால் மெல்லிய படலமாகக் காற்றுப் பட்டுக்கொண்டே இருந்தால் மெதுவாக ஒட்டும் பிசினாக மாறிவிடும். அதில் துணிப்பஞ்சும் சேர்ந்தால் பசைதான். ஸ்பிரேயில் பெரும்பகுதி கரைப்பான், எண்ணெய் கொஞ்சம். கரைப்பான் அந்தப் பிசினை இளக்கியதால் முதல் நாள் மெசின் பறந்தது. ஆனால் இளகிய பிசின் வெளியே வரவில்லை, இன்னும் உள்ளே இறங்கியது. கரைப்பான் ஆவியாகிப் போக, பிசின் அங்கேயே திரும்ப இறுகியது. ஸ்பிரே விட்டுச்சென்ற மெல்லிய எண்ணெய், நிமிடத்துக்குப் பல நூறு தடவை உரசும் ஒரு தண்டுக்கு எந்த மூலைக்கும் காணாது.

பெரியவர் சொன்ன முறையில் வீட்டிலேயே சுத்தம் செய்தேன். முதலில் தோல்பட்டியைக் கழற்றி, மிதிபலகையைத் தனியாக மிதித்துப் பார்க்க வேண்டும். அது லேசாக ஓடினால் இறுக்கம் தலைப்பகுதியில்தான். எங்களுக்கும் அப்படித்தான். தலைப்பகுதியை விறாந்தையில் மதிய வெயிலில் ஒரு மணித்தியாலம் வைத்தேன், சூட்டில் பிசின் இளகும் என்பதால். பிறகு ஊசி, நூல், பொபின் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு ஓட்டையிலும் நாலைந்து சொட்டு மண்ணெண்ணெய் விட்டுக் கையால் சில்லைச் சுற்றினேன். விளக்கோ அடுப்போ பக்கத்தில் இருக்கக் கூடாது. வழிந்து வந்தது தேயிலைச் சாயம் மாதிரிப் பழுப்பு நிறம். துடைத்துவிட்டு இரவு அப்படியே விட்டேன். அடுத்த நாளும் அதே வேலை. மூன்றாம் நாள் வழிந்தது கிட்டத்தட்ட நிறமில்லாமல் வந்தது. போதும் என்பதற்கு அதுதான் அடையாளம்.

மண்ணெண்ணெயோடு நிறுத்தினால் ஸ்பிரே கதைதான் திரும்பவும். அது கழுவத்தான், வழுக்க அல்ல. ஆகவே உடனே மெசின் ஒயில், ஓட்டைக்கு இரண்டு சொட்டு. மெசினைச் சரித்து அடியில் இரும்பும் இரும்பும் உரசும் ஒவ்வொரு மூட்டுக்கும் ஒன்று, பொபின் கூடு சுற்றும் தடத்தில் ஒன்றே ஒன்று. நூலை இறுக்கும் தட்டுகளிலும் தோல்பட்டியிலும் படவே கூடாது. பட்டால் நூல் இழுவை கெடும், பட்டி வழுக்கும். முடிந்ததும் பழந்துணியில் ஒரு பத்து நிமிடம் தைக்க வேண்டும். நான் தைக்கவில்லை. மாமியின் புதுச் சட்டைத்துணியில் வரிசையாக எண்ணெய்ப் பொட்டு விழுந்தது, அதை அவர் இன்னும் மறக்கவில்லை.

இப்போது தோல்பட்டியைக் கழற்றிவிட்டு ஒரு விரலால் சில்லைத் தட்டினால், விரலை எடுத்த பிறகும் தானாகக் கொஞ்சம் சுற்றுகிறது. ஏழெட்டு மணித்தியாலத் தையலுக்கு ஒரு தடவை ஒரு சொட்டு விடுகிறோம். தினமும் தைப்பவர்கள் தினமும் விடலாம். இதெல்லாம் பழைய இரும்பு மெசினுக்குத்தான். பிளாஸ்டிக் பற்சில்லு உள்ள புது மெசினில் சிலதுக்கு எண்ணெயே விடத் தேவையில்லை, அதனோடு வந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். கிறீஸ் பற்சில்லுகளுக்கு மட்டும். ஓட்டைக்குள் அதைத் திணித்தால் தண்டு வரை ஓடிப் போகாது, வாயிலேயே அடைத்துக்கொண்டு நிற்கும்.

அந்த ஸ்பிரே டப்பா வீண் போகவில்லை. முன்கதவுப் பூட்டில் திறப்பு சிக்கத் தொடங்கியபோதுதான் அதன் உண்மையான வேலை விளங்கியது. அந்தப் பூட்டுக்குள் வருடக்கணக்காகத் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறோம். தேங்காய் எண்ணெய் நல்லெண்ணெய் அளவுக்குப் பிசினாகாது. ஆனால் மார்கழி, தைக் குளிரில் போத்தலில் உறைவது போலவே பூட்டுக்குள்ளும் உறையப் பார்க்கும். சோளகம் வீசும் மாதங்களில் செம்மண் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். யாரோ சொன்னார்கள் என்று அதன் மேலேயே கிராபைட் தூளைப் போட்டேன். எண்ணெயும் கரித்தூளும் குழைந்து கறுப்புச் சேறாகியது, திறப்பு பாதிக்கு மேல் போகவில்லை.

பிறகு குழாயை மாட்டி ஸ்பிரேயை உள்ளே பீய்ச்சி, திறப்பை விட்டு எடுத்து, துடைத்து, திரும்பப் பீய்ச்சி, திறப்பு சுத்தமாக வரும்வரை கழுவினேன். இரண்டு நாள் காய விட்டேன். அதன் பிறகு திறப்பின் பற்களில் மட்டும் ஒரு சிட்டிகை கிராபைட் தடவிப் பத்துத் தடவை உள்ளே விட்டு எடுத்தேன். இரண்டு வருடமாகச் சிக்கவில்லை. தூள் கிடைக்காவிட்டால் ஆறு பி பென்சிலைத் திறப்பில் உரசினாலும் ஓரளவுக்கு வேலை செய்யும், பென்சிலில் களிமண்ணும் கலந்திருப்பதால் நான் அதை அவசரத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன். கிராபைட் கையிலும் துணியிலும் கறையாகப் பிடிக்கும், அதைத் தையல் மெசின் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

அந்த வெற்றியில் கேற்றின் ஆமைப்பூட்டுக்கும் கிராபைட் போட்டேன். எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட. ஒரே மாரியில் வளையம் துருப்பிடித்து இறுகியது. காய்ந்த தூள் உப்புக்காற்றையும் மழையையும் தடுக்காது. வெளியே நிற்கும் இரும்புப் பூட்டுக்கு மெல்லிய மெசின் ஒயில்தான் சரி, கொஞ்சம் தூசி பிடித்தாலும் பரவாயில்லை. ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை கழுவி மூன்று சொட்டு, தை கழிந்ததும் இன்னொரு தடவை.

பிணைச்சல் விசயம் சின்னது. ஆணியைத் தட்டி எடுக்கக்கூடிய பிணைச்சலில், ஆணியைத் துடைத்துக் கிறீஸை மெல்லிசாகப் பூசித் திரும்ப இறக்கினேன், அறைக்கதவுகள் இன்றுவரை சத்தம் போடவில்லை. ஸ்பிரே அடித்தால் ஒரு மாதம் தாங்கும், அவ்வளவுதான். ஆணி கழராத பிணைச்சலுக்கு மேலிருந்து இரண்டு சொட்டு மெசின் ஒயில் விட்டுக் கதவை ஆட்டி, வழிவதை உடனே துடைத்தால் பெயின்டில் கோடு விழாது. கேற்றுப் பிணைச்சலுக்குக் கிறீஸை அப்பிவிட வேண்டாம். மண் ஒட்டி அரம் மாதிரி இரும்பையே தேய்க்கும்.

நல்லெண்ணெயில்தான் பிழை என்பதை அம்மா லேசில் நம்பவில்லை. ஒரு கண்ணாடித் துண்டில் ஒரு பக்கம் நல்லெண்ணெயையும் மறுபக்கம் மெசின் ஒயிலையும் ஒவ்வொரு சொட்டாகத் தேய்த்து அலுமாரியின் மேல் வைத்தேன். நாலு மாதம் கழித்து இரண்டையும் தொட்டுப் பார்த்தார். ஒன்று விரலில் ஒட்டி இழுத்தது, மற்றது வைத்த மாதிரியே வழுக்கியது. நல்லெண்ணெய்ப் போத்தல் அன்றே மெசின் மேசையிலிருந்து குசினிக்குப் போனது.